என் கடைசி வேலை நாள்: அக்டோபர் 31, வெள்ளிக்கிழமை

எல்லாருக்கும் வணக்கம்.

நான் வேலையை ரிசைன் செய்திருக்கிறேன். திங்கட்கிழமை, செப்டம்பர் 1 அன்று பாஸ்கர் சாரிடம் நேரில் சொல்லிவிட்டு மெயிலும் அனுப்பினேன், நேற்று ஹெச்ஆரிலிருந்து ஒப்புதல் வந்துவிட்டது. அறுபது நாள் நோட்டீஸ் முழுவதும் இருக்கிறேன். என் கடைசி வேலை நாள் 2025 அக்டோபர் 31, வெள்ளிக்கிழமை. அன்று மாலை வரை சீட்டில் இருப்பேன். கேன்டீனில் யாரோ "செப்டம்பரோடு போகிறாளாம்" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன், அது சரியில்லை, அக்டோபர் 31தான்.

நேற்றே இங்கே போட்டிருக்கலாம். ஆனால் சுமதி அக்கா லீவில் இருந்தார்கள், அவர்களுக்கு முதலில் என் வாயால் சொல்ல வேண்டும் என்று இருந்தது. இன்று காலை சொல்லிவிட்டேன். அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "அப்பாவுக்கு இப்போ எப்படி இருக்கு" என்றுதான் கேட்டார்கள்.

ஆமாம், காரணம் வீடுதான். அப்பாவுக்கு ஒரு கண்ணில் பார்வை ரொம்பக் குறைந்துவிட்டது, அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், இருவரும் திருநெல்வேலியில் தனியாக இருக்கிறார்கள். மாதம் இரண்டு முறை நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்துப் போய், ஞாயிறு ராத்திரி ஏறி, திங்கள் காலை நேராக ஆபீஸ் வருவதை ஒரு வருடமாகச் செய்து பார்த்தேன். இனி அங்கேயே இருக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. பாளையங்கோட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை கிடைத்திருக்கிறது, நவம்பர் 10 சேருகிறேன். சம்பளம் இங்கே வாங்குவதைவிடக் குறைவு, ஆனால் வீட்டிலிருந்து பத்து நிமிடம். இங்கே யாரிடமும் மனக்கசப்பு எதுவும் இல்லை, யாரும் அப்படி யோசிக்க வேண்டாம்.

நான் இங்கே சேர்ந்தது 2019 ஜூன் மாதம். அந்த ஜூலை 1 முதல் இஎஸ்ஐ விகிதம் குறைந்தது, தொழிலாளி பங்கு 1.75லிருந்து 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 4.75லிருந்து 3.25 சதவீதம். எனக்குக் கிடைத்த முதல் வேலையே எல்லா கிளையன்ட் ஷீட்டிலும் அதை மாற்றுவதுதான். சுமதி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆளின் சம்பளத்தைப் பேப்பரில் கையால் கணக்குப் போட வைத்தார்கள், "ஷீட் சொல்றதை நம்பாதே, ஒரு ஆளுக்காவது கையால போட்டுப் பாரு" என்று. இன்றைக்கும் ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு கிளையன்டிலும் ஒரு ஆளுக்குக் கையால் போட்டுப் பார்த்த பிறகுதான் ஃபைலை மேலே அனுப்புகிறேன்.

2022 மார்ச்சில் ஒரு தவறு செய்தேன், தினேஷ், ஜெனிஃபர் உங்களுக்குத் தெரியாது, நீங்கள் அப்போது இல்லை. பேங்க் ஃபைலில் அக்கவுண்ட் நம்பர் இருக்கும் நெடுவரிசையை மட்டும் தனியாக சார்ட் செய்துவிட்டேன், பெயரும் தொகையும் அப்படியே இருந்தன. மொத்தத் தொகை பைசா சுத்தமாக டேலி ஆனது, அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அப்லோட் செய்வதற்குப் பத்து நிமிடம் முன்னால் கார்த்தி ஐந்து பெயரை எடுத்து அக்கவுண்ட் நம்பரைப் பழைய மாதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தான், ஐந்துமே தப்பு. ஒருவர் சம்பளம் இன்னொருவர் கணக்குக்குப் போயிருக்கும், நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு. பாஸ்கர் சார் அன்று என்னைத் திட்டவில்லை. மறுநாளே அந்த ஐந்து பெயர் சரிபார்ப்பைச் செக்லிஸ்டில் சேர்த்தார், யார் தவறு என்று அதில் எங்கேயும் எழுதவில்லை. சார், அதை நான் மறக்கவே மாட்டேன்.

2023 டிசம்பரைப் பற்றிச் சொல்லாமல் இந்த மெசேஜை முடிக்க முடியாது. மிக்ஜாம் புயல் மழையில் 4ஆம் தேதி ஊரே மூழ்கியது, வேளச்சேரியில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், கரண்ட் இல்லை, நெட் இல்லை. ஒரகடம் கிளையன்டுக்கு 7ஆம் தேதிக்குள் சம்பளம் போயாக வேண்டும். 6ஆம் தேதி அண்ணா நகரில் கரண்ட் வந்துவிட்டது என்று ஃபாத்திமா சொன்னதும் எல்லாரும் அவள் வீட்டு ஹாலில் போய் உட்கார்ந்தோம், ஃபாத்திமா அம்மா மூன்று வேளையும் சமைத்துப் போட்டார்கள், ராத்திரி பதினொன்றரைக்கு ஃபைலை முடித்தோம். மறுநாள் காலை அந்தக் கம்பெனி ஹெச்ஆர் போன் செய்து, வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்கள் பலர், இந்தப் பணம் இன்று வந்தது பெரிய உதவி என்றார். நாம் பார்க்கிற ஷீட்டில் அவர்கள் எல்லாம் ஒரு எம்ப்ளாயி கோடுதான், அன்றைக்குத்தான் எனக்கு மனிதர்களாகத் தெரிந்தார்கள்.

அதே மாதம் 17, 18 தேதிகளில் எங்கள் ஊரில் வெள்ளம். தாமிரபரணி கரை மீறி சிந்துபூந்துறைக்குள் வந்துவிட்டது, அப்பா அம்மா போன் இரண்டும் சுவிட்ச் ஆஃப், ரயில் எதுவும் ஓடவில்லை. நான் சீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். கார்த்தி என்னை பைக்கில் கோயம்பேடு கூட்டிப் போய் மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வழியில் சாப்பிட பிரெட்டும் தண்ணீரும் வாங்கிக் கொடுத்தான். தினேஷ் அப்போது சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அவனுடைய காலேஜ் நண்பனின் மாமா பாளையங்கோட்டையில் இருக்கிறார் என்று தேடிப் பிடித்து, அவர் தண்ணீரில் நடந்து போய் அப்பா அம்மா பக்கத்து வீட்டு மாடியில் பத்திரமாக இருக்கிறார்கள் என்று பார்த்துச் சொன்னார். எனக்கு அந்தச் செய்தி விழுப்புரம் தாண்டும்போது வந்தது. பத்து நாள் ஊரில் இருந்தேன், ஒருத்தரும் வேலையைப் பற்றி ஒரு போன்கூடப் போடவில்லை, என் மூன்று கிளையன்டையும் நீங்களே பார்த்துக்கொண்டீர்கள். அன்றிலிருந்து இந்த டீமை நான் ஆபீஸ் என்று நினைத்ததில்லை.

சரி, இனி வேலை.

நான் போகிற மாதம் நமக்குக் கனமான மாதம், அது எனக்குத் தெரியும், அதனால்தான் செப்டம்பரிலேயே பாதியைக் கைமாற்றிவிட வேண்டும் என்று பாஸ்கர் சாரிடம் கேட்டிருக்கிறேன். ஒரகடம் கிளையன்ட் ஃபாத்திமாவுக்கு, அம்பத்தூர் இரண்டும் தினேஷுக்கு. செப்டம்பர் சம்பளத்தை நீங்கள் ஓட்டுங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். அக்டோபர் சம்பளத்தை நீங்களே முழுவதும் ஓட்டுங்கள், நான் கடைசியில் சரி மட்டும் பார்க்கிறேன்.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இஎஸ்ஐ. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அதற்கு நடுவில் இன்கிரிமென்ட் வந்து 21,000 தாண்டியவர்களுக்கும் செப்டம்பர் வரை பிடித்தே ஆக வேண்டும், அக்டோபர் 1 முதல்தான் அவர்கள் வெளியே வருவார்கள். ஒரகடத்தில் இந்த முறை அப்படி 38 பேர், லிஸ்ட் எடுத்து ஷேர்டு ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். ஃபாத்திமா, அவர்களுக்கு ஒரு சின்ன நோட்டீஸ் தமிழில் எழுதி அனுப்பச் சொல்லு: பிடித்தம் நின்றாலும் ஏப்ரல்–செப்டம்பரில் கட்டியதற்கான பலன் காலம் வருகிற ஜனவரி முதல் ஜூன் வரை இருக்கிறது என்று. போன வருடம் ஒருவர் கார்டு இனி செல்லாது என்று நினைத்து மனைவியின் ஆபரேஷனுக்குக் கடன் வாங்கிவிட்டார், அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

தீபாவளி அக்டோபர் 20, திங்கள். போனஸ் ஃபைல் 10ஆம் தேதிக்குள் பேங்குக்குப் போக வேண்டும், 16, 17இல் வைத்துக்கொண்டு ஓட வேண்டாம். ஏதாவது திரும்பி வந்தால் மறுபடி அனுப்ப நாள் வேண்டும். தினேஷ், புது ஆட்களின் ஐஎஃப்எஸ்சி கோடில் ஐந்தாவது எழுத்து எப்போதும் பூஜ்யம், ஆங்கில ஓ இல்லை. அம்பத்தூரில் திரும்பி வரும் பேமென்ட் பெரும்பாலும் இதனால்தான், சேரும்போது கையால் ஃபார்ம் எழுதிக் கொடுக்கிறார்கள்.

டிடிஎஸ் 7, பிஎஃப் இஎஸ்ஐ 15, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். இரண்டாம் காலாண்டு 24Q கடைசித் தேதி சரியாக அக்டோபர் 31, என் கடைசி நாள். அதை அன்றைக்கு வைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை, 24ஆம் தேதி வெள்ளிக்குள் மூன்றையும் ஃபைல் செய்துவிடுகிறேன், ஜெனிஃபர் என்னோடு உட்கார்ந்தால் அவளும் ஒரு முறை முழுவதும் பார்த்த மாதிரி இருக்கும். பாஸ்வேர்ட் எதையும் இங்கே போடமாட்டேன், பாஸ்கர் சாரிடம் நேரில் கொடுக்கிறேன், 31 மாலையே எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

கார்த்தி, என் ஃபைனல் செட்டில்மென்ட் உன்னிடம்தான் வரும். பிஎஃபில் எக்ஸிட் தேதி 31-10-2025 என்று போட மறக்காதே.

ஃபேர்வெல் பற்றி ஃபாத்திமா இப்போதே கேட்டுவிட்டாள். கிஃப்ட் எதுவும் வேண்டாம், நிஜமாகவே வேண்டாம். 31 மதியம் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டால் போதும், சுமதி அக்கா புளியோதரை செய்து கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முந்தின வாரம் தீபாவளிக்கு ஊருக்குப் போய் வரும்போது அல்வா வாங்கி வருகிறேன், ஆளுக்கு அரைக் கிலோ, வேறு ஊர்ப் பெயர் சொல்லிக் கடையில் விற்கிற அல்வா இல்லை, இருட்டுக்கடையில் சாயங்காலம் வரிசையில் நின்று வாங்கியது. யாருக்காவது வீட்டுக்குக் கூடுதலாக வேண்டுமென்றால் 15ஆம் தேதிக்குள் சொல்லுங்கள்.

போன் நம்பர் மாறாது. நவம்பரில் எதிலாவது மாட்டிக்கொண்டால் தயங்காமல் கூப்பிடுங்கள், புது ஆபீஸ் நேரத்தில் எடுக்க முடியாமல் போனால் ஏழு மணிக்கு மேல் நானே கூப்பிடுகிறேன். திருநெல்வேலிப் பக்கம் வந்தால் ஹோட்டலில் ரூம் போடக் கூடாது, வீட்டில் மாடி அறை இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் நன்றாக ஓடும்போது வாருங்கள், குறுக்குத்துறையில் குளித்துவிட்டு வந்தால் அம்மா சொதி வைத்துக் கொடுப்பார்கள்.

நாளை காலை பத்தரைக்கு ஃபாத்திமா, தினேஷ் இருவரும் என் சீட்டுக்கு வாருங்கள். ஒரகடம் மாஸ்டர் ஷீட்டிலிருந்து ஆரம்பிக்கலாம்.

அன்புடன்,
கோமதி