இரவுக் காவல் பட்டியலும் கேட் பதிவேடும்
12 வீடுகள், மடிப்பாக்கம். நவம்பர் 10 திங்கள் முதல் 16 ஞாயிறு வரை

வீட்டுக்கு 1,250 வீதம் காவலுக்குக் கிடைப்பது மாதம் 15,000 ரூபாய். வாட்ச்மேன் சம்பளம் 14,000 போக மீதி 1,000 டார்ச் பேட்டரி, நோட்டு, டீ எல்லாவற்றுக்கும். ஆகவே இரவுக்கு மட்டும் ஒரே ஆள்.

திங்கள் முதல் சனி வரை, இரவு 9 முதல் காலை 6: வாட்ச்மேன் அண்ணன்.
ஞாயிறு அவருக்கு விடுமுறை. அன்று 9 முதல் 1 வரை 1பி, 3சி வீட்டார். 1 முதல் 6 வரை 2சி, 3ஏ வீட்டார்.
பகலில் பெரிய கேட் பூட்டியே இருக்கும். சாவி 1ஏ மாமாவிடம்.

11, 1, 3, 5 மணிக்குச் சுற்று: மோட்டார் அறை, பின்பக்கச் சுவர், மொட்டை மாடிக் கதவு. முடிந்ததும் அப்போதே எழுத வேண்டும். விடியற்காலையில் நான்கையும் சேர்த்து எழுதினால் அந்தப் பக்கம் யாருக்கும் உதவாது. சுற்று விட்டுப்போனால் அப்படியே எழுதுங்கள் அண்ணா, அதற்குச் சம்பளம் பிடிக்க மாட்டோம்.

சந்தேகப்படும்படி யாரையாவது பார்த்தால் தனியாக நெருங்க வேண்டாம். விசில் ஊதிவிட்டு 2ஏ-க்கு போன், அப்புறம் 100. தீ 101, ஆம்புலன்ஸ் 108, கரண்ட் புகாருக்கு 94987 94987.

குடியிருப்போருக்கு: காவல் நேரத்தில் அவரைக் கடைக்கு அனுப்பாதீர்கள். கீழ்க் கழிப்பறைச் சாவி எப்போதும் அவரிடமே இருக்கட்டும்.

பதிவேடு, நவம்பர் 12 புதன் இரவு

9.00 சாவி, டார்ச், விசில் வாங்கினேன். கார் 7, பைக் 14.
9.40 3பி-க்குச் சாப்பாடு வந்தது. கேட்டிலேயே வாங்கிக்கொண்டார்கள்.
11.00 சுற்று. பின்பக்க பல்பு எரியவில்லை.
12.20 பெருமழை.
12.35 கரண்ட் போனது. லிஃப்ட் கதவைத் தட்டிப் பார்த்தேன், உள்ளே யாரும் இல்லை.
1.00 சுற்று விட்டுப்போனது. பார்க்கிங்கில் தண்ணீர் ஏறியது. 2பி, 3டி வீட்டாரை எழுப்பி ஸ்கூட்டர்களை மேட்டுக்கு நகர்த்தினோம். சம்ப் மூடியைச் சுற்றி மணல் மூட்டை வைத்தோம்.
1.50 கரண்ட் வந்தது. மோட்டார் சுவிட்ச் பெட்டி ஈரம், தொடவில்லை.
3.00 சுற்று. மொட்டை மாடிக் கதவு திறந்து கிடந்தது. மேலே யாரும் இல்லை, பூட்டினேன்.
5.00 சுற்று. தண்ணீர் வடிந்துவிட்டது.
6.00 சாவி 1ஏ மாமாவிடம் கொடுத்தேன்.

செயலாளர் குறிப்பு, 13 காலை: எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை மோட்டாரை யாரும் போட வேண்டாம், தொட்டியில் இருக்கும் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழியுங்கள். பல்பு இன்றே மாற்றப்படும். மாடியில் கடைசியாகத் துணி எடுப்பவர் கதவைப் பூட்டிவிட்டு இறங்கவும். நேற்று அண்ணன் முழுக்க நனைந்துவிட்டார். இந்த மாத மீதிப் பணத்தில் முதல் செலவு அவருக்கு ரெயின்கோட்.