"தெரியாமல் செஞ்சுட்டேன் சார்": நேர்வுப் பிழையும் சட்டப் பிழையும்

முதலாண்டு, குற்றவியல் சட்டம். வியாழக்கிழமை டுடோரியலுக்கு முன் படித்துவிட்டு வரவும்.

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் வரும் பஸ். சோதனைச் சாவடியில் போலீஸ் ஏறுகிறது. இரண்டு பேரை இறக்குகிறார்கள்.

முதல் ஆள் குமார். பையில் மூன்று மதுபாட்டில்கள். "சொந்தக் காசில் சொந்த உபயோகத்துக்கு வாங்கினது சார். அங்கே கடையில்தானே விற்கிறான், இங்கே கொண்டுவரக் கூடாதென்று எனக்கு எப்படித் தெரியும்?" என்கிறார்.

இரண்டாவது ஆள் செல்வி. அவர் கையிலும் மூன்று பாட்டில்கள். ஆனால் அது பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தனுப்பிய கட்டிய அட்டைப்பெட்டி. "நெய் ஜாடி இருக்கு, என் மகளிடம் கொடுத்துடுங்க" என்று சொல்லிக் கொடுத்தார். செல்வி நம்பினார்.

இருவரும் சொல்வது ஒரே வார்த்தை: தெரியாது. ஆனால் குமாருக்குத் தெரியாதது சட்டம். செல்விக்குத் தெரியாதது பெட்டிக்குள் இருந்த பொருள். முன்னது சட்டப் பிழை, பின்னது நேர்வுப் பிழை. (சில புத்தகங்களில் 'பொருண்மைப் பிழை' என்று இருக்கும். குழம்ப வேண்டாம், இரண்டும் மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்தான்.)

பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும். அவர் மனதில் நினைத்தபடியே உலகம் இருந்திருந்தால், அவர் செய்தது குற்றமா? செல்வி நினைத்தபடி பெட்டியில் நெய் இருந்திருந்தால் ஒரு குற்றமும் இல்லை. குமார் விஷயத்தில் அப்படி மாற்றிப் பார்க்க எதுவுமே இல்லை. பாட்டிலை பாட்டில் என்றுதான் அறிந்திருந்தார், தமிழ்நாட்டு எல்லைக்குள் வருகிறோம் என்றும் அறிந்திருந்தார். அவர் கணக்கில் தப்பானது சட்டம் மட்டும்தான்.

இப்போது பிரிவுகள். பாரதிய நியாய சன்ஹிதா 2023, 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. அதில் பிரிவு 14, 17. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இவையே 76, 79. பிரிவு 14, 'சட்டப்படி இதைச் செய்தே ஆக வேண்டும்' என்று நம்பியவருக்கு. பிரிவு 17, 'சட்டப்படி இதைச் செய்ய எனக்கு நியாயம் உண்டு' என்று நம்பியவருக்கு. இரண்டிலும் ஒரு சொற்றொடர் திரும்பத் திரும்ப வரும்: அந்த நம்பிக்கை நேர்வுப் பிழையால் வந்திருக்க வேண்டும், சட்டப் பிழையால் அல்ல. பரீட்சையில் இந்த வரியை எழுதாமல் விட்டவர்களுக்கு நான் பாதி மார்க்தான் போடுகிறேன்.

அப்புறம், இந்த இரண்டு பிரிவுகளும் கேட்கும் நன்னம்பிக்கை. பேச்சு வழக்கில் 'நல்ல மனசோடு செய்தேன்' என்றால் போதும். சட்டத்தில் போதாது. தக்க கவனமும் கருத்தும் இல்லாமல் செய்த எதுவும் நன்னம்பிக்கையில் செய்தது ஆகாது. செல்வியிடம் நான் கேட்பேன்: பெட்டியைத் தூக்கும்போது கண்ணாடி மோதும் சத்தம் கேட்கவில்லையா? அதே பக்கத்து வீட்டுக்காரர் இதற்கு முன் இதே வேலையில் பிடிபட்டவர் என்று தெருவுக்கே தெரியுமா? இந்தப் பதில்கள் மாறினால் செல்வியின் நிலையும் மாறும். இந்தப் பிரிவுகள் தரும் விதிவிலக்கு தனக்குப் பொருந்தும் என்று காட்டும் சுமை குற்றம் சாட்டப்பட்டவருடையது என்பதையும் (சாட்சியச் சட்டத்தில் முன்பு 105, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியம் 108) இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

கவனம் எவ்வளவு வேண்டும் என்பதற்கு எனக்குப் பிடித்த வழக்கு, ஒடிசா அரசு எதிர் ராம் பகதூர் தாப்பா, ஏ.ஐ.ஆர். 1960. பாலசோர் மாவட்டத்தில் கைவிடப்பட்ட ஒரு விமானதளம். பேய் நடமாடும் இடம் என்று ஊரே பயந்தது. நேபாளத்திலிருந்து வேலைக்கு வந்த தாப்பா, இரவில் தூரத்தில் ஒரு வெளிச்சம் ஆடுவதையும் அதைச் சுற்றி உருவங்கள் அசைவதையும் பார்த்தார். பேய்கள் என்று நினைத்துக் குக்ரியோடு பாய்ந்து வெட்டினார். அங்கே இருந்தவர்கள் அரிக்கேன் விளக்கோடு இலுப்பைப் பூ பொறுக்க வந்த பெண்கள். ஒருவர் இறந்தார். இன்னும் கொஞ்சம் கவனமாக இருந்திருந்தால் இது நடந்திருக்காதே என்றது அரசுத் தரப்பு. அதை மட்டும் வைத்துப் பாதுகாப்பை மறுக்க முடியாது என்றது நீதிமன்றம். விடுதலை உறுதியானது. இறந்த பெண்ணின் பக்கம் நின்று பார்த்தால் இந்தத் தீர்ப்பு இன்றும் உறுத்துகிறது. உங்களுக்கும் உறுத்தினால் வகுப்பில் சொல்லுங்கள், விவாதிப்போம்.

சட்டப் பிழையில் கருணைக்கு இடம் குறைவு. மகாராஷ்டிரா அரசு எதிர் மேயர் ஹான்ஸ் ஜார்ஜ் வழக்கில் ஜெர்மானியர் ஒருவர் 34 கிலோ தங்கத்தை உடுப்பில் வைத்துக்கொண்டு 1962 நவம்பர் 27-ல் ஜூரிச்சிலிருந்து மணிலாவுக்குக் கிளம்பினார். வழியில் விமானம் பம்பாயில் நின்றது. இந்தியா வழியாகப் போகும் தங்கத்தையும் விமானச் சரக்குப் பட்டியலில் காட்ட வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி அறிவிப்பு, நவம்பர் 24-ல்தான் கெசட்டில் வந்திருந்தது. மூன்று நாள் பழைய அறிவிப்பு ஜூரிச்சில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? உயர் நீதிமன்றம் விட்டுவிட்டது. உச்ச நீதிமன்றத்தில் பெரும்பான்மை குற்றம் என்றது, நீதிபதி சுப்பாராவ் மாறுபட்டார். தண்டனையை மட்டும் ஏற்கெனவே அனுபவித்த காலத்தோடு முடித்தார்கள். தெரியாமை குற்றத்தைப் போக்காவிட்டாலும் தண்டனையின் அளவில் பேசும்.

'எல்லோருக்கும் சட்டம் தெரியும் என்று சட்டம் கருதுகிறது' என்று விடைத்தாளில் எழுதாதீர்கள். அப்படி ஒரு அனுமானமே கிடையாது என்று மோதிலால் பதம்பத் சர்க்கரை ஆலை வழக்கில் (1979) உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தெரியாமை சாக்காகாது என்பது மட்டுமே விதி. நமக்கே தெரியாது, ஊருக்கு எங்கே தெரியும்.

சரி, இரண்டும் கலக்கும் இடம். அண்ணன் தம்பி பாகப் பிரிவினை. வரப்பில் நிற்கும் தென்னை தன் பங்கில் வந்தது என்று பத்திரத்தைத் தப்பாகப் புரிந்துகொண்ட தம்பி, பட்டப்பகலில், ஆட்களை வைத்துத் தேங்காய் இறக்குகிறார். பத்திரத்தின் சட்ட விளைவை அவர் தப்பாகப் படித்திருக்கிறார், ஆக இது சட்டப் பிழைதானே? ஆனாலும் திருட்டு ஆகாது. திருட்டுக்கு நேர்மையற்ற எண்ணம் வேண்டும். தனக்கு உரிமை உண்டு என்று உண்மையாகவே நம்பி எடுப்பவரிடம் அது இல்லை. சண்டிகுமார் தாஸ் கர்மாகர் வழக்கில் (ஏ.ஐ.ஆர். 1965) குளத்து மீன் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. இங்கே பிரிவு 17-க்குப் போகவே வேண்டாம், குற்றத்தின் ஒரு கூறே விழுந்துவிடுகிறது. அதுவே ராத்திரி 2 மணிக்கு, டார்ச்சை அணைத்துவிட்டு இறக்கியிருந்தால் அந்த உரிமை நம்பிக்கையை யார் நம்புவார்?

மறுமணச் சூழல் இரண்டு. நாகப்பட்டினத்தில் மீன்பிடிக்கப் போன படகு திரும்பவில்லை. கூடப் போனவர்களின் உடல்கள் ஒதுங்கின. நான்கு வருடம் கழித்து மனைவி மறுமணம் செய்கிறார், பிறகு கணவன் வந்து நிற்கிறான். இங்கிலாந்தின் டோல்சன் வழக்கு (1889) இதே கதை. காணாமல் போனவருக்குச் சட்டம் சொல்லும் ஏழு வருடம் ஆகாதபோதும், நியாயமான நம்பிக்கை என்று 9-க்கு 5 என்ற கணக்கில் நீதிபதிகள் அந்த மனைவியை விடுவித்தார்கள். இன்னொருவர், ஊர்ப் பெரியவர்கள் முன்னால் 20 ரூபாய் பத்திரத்தில் 'இனி நமக்குள் ஒன்றுமில்லை' என்று எழுதி அத்துவிட்டு, விவாகரத்து ஆகிவிட்டது என்று நம்பி மறுமணம் செய்கிறார். கணவன் உயிரோடு இருப்பது அவருக்குத் தெரியும். பிழை சட்டத்தில்தான். அவர்கள் சமூகத்தில் வழக்காற்று விவாகரத்து உண்டென்று நிரூபித்தால் கதை வேறு, ஆனால் அது வேறு வாதம்.

வியாழனுக்கு இதை எழுதிக்கொண்டு வாருங்கள், ஒரு பக்கம் போதும். சுப்பையா மகன் முருகன் மேல் வாரண்ட். அந்தத் தெருவில் அப்படி இரண்டு முருகன்கள். ஏட்டு டீக்கடையில் விசாரித்து, கைகாட்டிய வீட்டுக்குப் போய்த் தவறான முருகனைப் பிடித்து வருகிறார். வாரண்டில் கதவு எண் 14 என்று இருந்தது. வீட்டு வாசலில் 41. இதே ஏட்டு, வாரண்டே இல்லாமல், 'இந்தக் குற்றத்துக்கு வாரண்ட் வேண்டாம்' என்று தப்பாக நினைத்துச் சரியான முருகனையே பிடித்திருந்தால்? இரண்டுக்கும் தனித்தனியாக விடை வேண்டும், பிரிவு எண்ணோடு.