அமினோஃபிலின் இன்ஃபியூஷன்: மாதிரி வினாவும் விடையும்

வினா (10 மதிப்பெண்)

கடும் ஆஸ்துமாவுடன் வந்த 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அமினோஃபிலின் இன்ஃபியூஷன் தொடங்க முடிவாகிறது. தியோஃபிலினின் கிளியரன்ஸ் கிலோவுக்கு மணிக்கு 0.04 லி., பரவல் கனஅளவு கிலோவுக்கு 0.5 லி. இலக்குச் செறிவு லிட்டருக்கு 10 மி.கி. அமினோஃபிலினில் 80% தியோஃபிலின்.

அ) அவர் இதற்கு முன் தியோஃபிலின் எடுக்கவில்லை எனில், இன்ஃபியூஷன் வேகமும் லோடிங் டோஸும் எவ்வளவு?
ஆ) வீட்டில் தியோஃபிலின் மாத்திரை எடுத்து வந்தவர், இரத்தத்தில் ஏற்கெனவே 4 mg/L இருக்கிறது எனில் லோடிங் டோஸ் எவ்வளவு?
இ) மறுநாள் சிப்ரோஃப்ளாக்சசின் சேர்த்ததும் கிளியரன்ஸ் 1.6 L/h ஆகக் குறைகிறது. வேகத்தை மாற்றாவிட்டால் செறிவு எங்கே போய் நிற்கும்?

விடை

அ) முதலில் எடையால் பெருக்கிவிடுங்கள்.

CL = 0.04 × 60 = 2.4 L/h
Vd = 0.5 × 60 = 30 L

செறிவு நிலைத்து நிற்கும்போது, உள்ளே போகும் மருந்தும் வெளியேறும் மருந்தும் சமம். ஆகவே:

வேகம் = CL × Css = 2.4 × 10 = 24 mg/h

இது தியோஃபிலின். ஊசியில் இருப்பது அமினோஃபிலின், ஆகவே 24 ÷ 0.8 = 30 mg/h. இந்த 0.8-ஐ மறந்தால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் விடை தவறு. 500 மி.கி.யை 500 மி.லி. திரவத்தில் கலந்தால் மணிக்கு 30 மி.லி.; 60 சொட்டு = 1 மி.லி. தரும் மைக்ரோ செட்டில் நிமிடத்துக்கு 30 சொட்டு.

இன்ஃபியூஷனை மட்டும் விட்டால் என்ன? அரை ஆயுள் = 0.693 × 30 ÷ 2.4 ≈ 8.7 மணி. அவ்வளவு நேரம் கழித்தும் செறிவு 5 mg/L தான். மூச்சுத் திணறுகிறவர் அதுவரை காத்திருக்க முடியாது.

லோடிங் டோஸ் = Vd × Css = 30 × 10 = 300 mg தியோஃபிலின்
300 ÷ 0.8 = 375 mg அமினோஃபிலின்

25 mg/mL ஆம்பூலில் 15 மி.லி. இதை 20 முதல் 30 நிமிடத்தில் மெதுவாகச் செலுத்த வேண்டும். வேகமாகக் கொடுத்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். விடைத்தாளில் இதையும் எழுதுங்கள்.

ஆ) பற்றாக்குறையை மட்டும் நிரப்பினால் போதும்.

30 × (10 − 4) = 180 mg; 180 ÷ 0.8 = 225 mg அமினோஃபிலின்

இன்ஃபியூஷன் வேகம் அதே 30 mg/h. கிளியரன்ஸ் மாறவில்லையே!

இ) Css = 24 ÷ 1.6 = 15 mg/L

இங்கே 30-ஐ வகுத்து 18.75 என்று எழுதிவிடாதீர்கள். அளப்பது தியோஃபிலின் செறிவை. 10-ல் நிறுத்த 1.6 × 10 = 16 mg/h, அதாவது 20 mg/h அமினோஃபிலின். இப்போது அரை ஆயுள் 13 மணி என்பதால் செறிவு மெதுவாகத்தான் ஏறும். அடுத்த சில மணி நேரத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறது என்று வேகத்தை அப்படியே விடக் கூடாது.