உணவு இடைவேளையில் ஒரு சீட்டு மாலை

25 ஜூன் 2026
கோயம்புத்தூர்

அன்புள்ள இரண்டாம் ஷிஃப்ட் நண்பர்களுக்கு,

வணக்கம். ஊருக்கெல்லாம் மதியம் ஒரு மணிக்கு லன்ச் என்றால், நமக்கு அது மாலை 6.15க்கு. வெளியே பஸ் ஸ்டாப்பில் வீட்டுக்குப் போகிற கூட்டம் நிற்கும், நாம் டிபன் பாக்ஸைத் திறப்போம். அந்த ஒரு மணி நேரத்தை மாதத்தில் ஒரு நாள் மட்டும் சீட்டாட்டத்துக்குக் கொடுக்கலாம் என்று உள்ளரங்க விளையாட்டு அணி முடிவு செய்திருக்கிறது. அணியின் கேப்டனாக உங்கள் எல்லோரையும் அழைக்கிறேன்.

முதல் ஆட்டம் ஜூலை 9, வியாழக்கிழமை. நான்காம் மாடி கேன்டீனில், ஜூஸ் கவுன்டரை ஒட்டிய ஜன்னலோர மேஜைகள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் இரண்டாவது வியாழக்கிழமை. முதல் வாரம் வேண்டாம் என்று சொன்னது அக்கவுன்ட்ஸ் டீம். மாதக் கணக்கை முடிக்கிற அந்த நாட்களில் அவர்கள் நாற்காலியை விட்டு எழுந்து சாப்பிடுவதே பெரிய விஷயம். சீட்டாட்டத்துக்காக அவர்களை விட்டுவிட எனக்கு மனமில்லை.

ஆட்டம் இருபத்தெட்டு. பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து தினமும் வந்து போகிறவர்களுக்கும் நாகர்கோவில்காரர்களுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய ஆட்டம் இது.

ஒரு கட்டில் ஏழு முதல் ஏஸ் வரை 32 சீட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். நான்கு பேர், எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இருவர் ஒரு ஜோடி. இதில் ராஜா பெரியவர் இல்லை. ஜாக்கிதான் எல்லாவற்றுக்கும் மேல், அதற்கு 3 பாயின்ட். அடுத்தது ஒன்பது, 2 பாயின்ட். அப்புறம் ஏஸும் பத்தும், ஆளுக்கு 1. ராஜா, ராணி, எட்டு, ஏழு இவற்றுக்கு ஒன்றும் கிடையாது. நான்கு ரகத்தையும் கூட்டினால் 28 வரும்.

முதலில் ஆளுக்கு நான்கு சீட்டு. அதைப் பார்த்தே, ஜோடியாக எத்தனை பாயின்ட் பிடிப்போம் என்று ஏலம் கேட்க வேண்டும், குறைந்தது 14. உங்கள் கையில் ஆர்ட்டின் ஜாக்கி, ஒன்பது, ஏழு, கூடவே கிளாவர் ஏஸ் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துணிந்து 16 கேட்கலாம். ஏலம் உங்களுக்கு வந்தால் அந்த ஆர்ட்டின் ஏழைக் கவிழ்த்து மேஜையில் வைக்கிறீர்கள். அதுதான் துருப்பு. அது என்ன ரகம் என்று உங்கள் ஜோடிக்குக்கூடத் தெரியாது. பிறகு மீதி நான்கு சீட்டு போடுவார்கள், ஆட்டம் தொடங்கும். இறங்கிய ரகம் கையில் இல்லாத ஒருவர் துருப்பைத் திறக்கச் சொல்லும்வரை அந்தச் சீட்டு கவிழ்ந்தே கிடக்கும். திறக்கச் சொன்னவர் கையில் துருப்பு இருந்தால் அந்தப் பிடியிலேயே போட்டாக வேண்டும்.

இந்த ஆட்டம் நம் அலுவலகத்துக்குப் பொருந்தும் என்று நான் நினைப்பது அந்தக் கவிழ்த்த சீட்டால்தான். எதிரே இருப்பவர் வாய் திறந்து எதுவும் சொல்ல முடியாது. அவர் எதை இறக்குகிறார், எதைப் பிடித்து வைத்திருக்கிறார், எப்போது தயங்குகிறார் என்று பார்த்தே அவர் மனதைப் படிக்க வேண்டும். ஒரே தளத்தில் வருடக்கணக்கில் வேலை செய்தும் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாமல் இருக்கிறோம். டிக்கெட் எண்ணும் மெயில் ஐடியும்தான் பழக்கம். இரண்டு கை ஒன்றாக ஆடிவிட்டால் அந்த ஆள் நிதானமானவரா, துணிச்சல்காரரா, விட்டுக்கொடுப்பவரா என்று தெரிந்துவிடும். அதனால்தான் ஜோடியைக் குலுக்கல் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். ஒரே டீம்காரர்கள் ஜோடியாக வந்தால் மாற்றிவிடுவேன். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு நன்றாக ஆடத் தெரிந்தவர்தான் ஜோடி.

பணம் கிடையாது. பத்து ரூபாய் கிடையாது, டீ பந்தயம்கூடக் கிடையாது. இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். ஃபோனில் ரம்மி ஆடிக் கடனில் விழுந்த குடும்பங்களைப் பற்றி நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025இல் மத்திய அரசு சட்டம் போட்டே தடை செய்தது. நம் மேஜையில் பாயின்ட் எழுத ஒரு தாளும் பேனாவும் மட்டும் இருக்கும்.

சீட்டு என்றாலே வீட்டில் முகம் சுளிப்பார்கள் என்று சிலர், குறிப்பாகப் பெண்கள், என்னிடம் தயங்கியபடி சொன்னார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. எங்கள் வீட்டிலும் திண்ணையில் சீட்டாடுவது ஆண்களின் வேலையாகத்தான் இருந்தது. வீட்டில் கேட்டால் ஒன்று சொல்லுங்கள்: 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அதில் ஆண்கள் ஜோடிப் பிரிவில் பிரணாப் வர்தனும் சிப்நாத் சர்க்காரும் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தார்கள். வர்தனுக்கு அப்போது வயது 60. ஜோடியாக உட்கார்ந்து ஏலம் கேட்டு, துருப்பு வைத்து ஆடுகிற ஆட்டம்தான் அதுவும். பேரோல் சாந்தி அக்கா, நீங்கள் ஊரில் உங்கள் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து ஆடியதாகச் சொன்னீர்கள். முதல் மேஜை உங்களுக்காகவே காத்திருக்கிறது.

நேரம் எப்படிப் போதும் என்று கேட்பீர்கள். 6.15க்கு வந்ததும் முதலில் சாப்பாடு. அன்று மட்டும் கேன்டீன் அண்ணனிடம் தக்காளி சாதமும் தயிர் சாதமும் சொல்லி வைத்திருக்கிறேன், வரிசையில் நிற்க வேண்டாம். டப்பா கொண்டு வருபவர்கள் தாராளமாகக் கொண்டு வரலாம். சாப்பிட்டுவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சீட்டைத் தொட வேண்டும். எண்ணெய்க் கையோடு இரண்டு கை ஆடினாலே சீட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அப்புறம் கலைக்கவே முடியாது. 6.35க்கு முதல் சீட்டு விழும். 7.10க்குக் கட்டை மூடிவிடுவோம். அதற்குள் ஐந்தாறு கை ஆடிவிடலாம். 7.15க்கு எல்லோரும் லாகின் செய்திருக்க வேண்டும் என்று மேலாளர்களிடம் உறுதி கொடுத்துத்தான் அனுமதி வாங்கியிருக்கிறேன். தயவுசெய்து அந்த உறுதியைக் காப்பாற்றுங்கள்.

இன்னும் சில விஷயங்கள். ஆடும்போது ஃபோன் பைக்குள் இருக்கட்டும். கண் ஜாடை, இருமல், மேஜையில் தட்டுவது எதுவும் வேண்டாம். ஒரு கை முடிந்ததும் “அந்த ஜாக்கியை ஏன் இறக்கினீங்க?” என்று ஜோடியைப் பிடித்து உலுக்க வேண்டாம், புதிதாக வந்தவர் மறுமாதம் வராமல் போவதற்கு அது ஒன்றே போதும். ராஜா-ராணி ஜோடி காட்டி ஏலத்தைக் குறைக்கிற விதி முதல் மாதம் கிடையாது. எல்லோருக்கும் ஆட்டம் பிடிபட்ட பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

மொத்தம் ஆறு மேஜை. ஐந்தில் இருபத்தெட்டு, அதாவது இருபது பேர். ஆறாவது மேஜை பதின்மூன்று சீட்டு ரம்மிக்கு. இருபத்தெட்டு வேண்டாம் என்பவர்கள் அங்கே உட்காரலாம். வேடிக்கை பார்க்க மட்டும் வருகிறவர்களுக்கும் நாற்காலி உண்டு, ஆனால் ஒருவர் கையைப் பார்த்து இன்னொருவரிடம் சொல்லக்கூடாது.

வருபவர்கள் ஜூலை 7, செவ்வாய்க்கிழமைக்குள் பெயரையும், இருபத்தெட்டு ஆடத் தெரியுமா தெரியாதா என்பதையும் இந்த மெயிலுக்குப் பதிலாக அனுப்புங்கள். ஆடவே தெரியாதவர்கள் அதற்கு முந்தைய நாள், திங்கட்கிழமை, இடைவேளையில் என் மேஜைக்கு வந்தால் ஒரு கட்டோடு உட்கார்ந்து சொல்லித்தருகிறேன். ஒரு மேஜைக்கு ஆள் குறைந்தால் நான் உட்காருவேன், அதிகமானால் எழுந்துகொள்வேன். ஆகவே இடம் இருக்குமோ என்று யோசிக்காமல் பெயர் கொடுங்கள்.

அன்புடன்,
சி. மகேஸ்வரி
கேப்டன், உள்ளரங்க விளையாட்டு அணி
(மூன்றாம் மாடி, பிரின்டருக்குப் பக்கத்து மேஜை)