அந்த ஜெர்மன் வயரிங் படம்: நாளை வேலையைத் தொடங்குமுன் படித்துவிடு

தம்பி,

நீ அனுப்பிய மூன்று புகைப்படங்களையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். அது 7.5 கிலோவாட் தூசி உறிஞ்சும் விசிறிக்கான ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரின் படம். கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பார்த்ததில் குழப்பம்தான் மிஞ்சியது என்று எழுதியிருந்தாய். அதில் வியப்பில்லை, ஜெர்மன் மொழியில் பேனல் வேலைக்குரிய சொற்கள் பல அன்றாடச் சொற்களிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதால், மொழிபெயர்ப்புச் செயலி அவற்றின் அன்றாடப் பொருளைத் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. ஆகவே சொற்களைச் சிறிது நேரம் மறந்துவிட்டு, முதலில் குறியீடுகளையும் எண்களையும் படி. அவற்றுக்குப் பெரும்பாலான நாடுகளில் ஒரே பொருள்தான்.

இரண்டாவது புகைப்படத்தில் மேலிருந்து கீழாக இறங்கும் கோடுகள்தாம் கட்டுப்பாட்டுச் சுற்று. நீ இதுவரை பார்த்த படங்களில் ஏணிப்படிபோல இடமிருந்து வலமாகப் போகும் அதே சுற்றை இவர்கள் செங்குத்தாக வரைந்திருக்கிறார்கள். கைப்பேசியைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால் உனக்குப் பழகிய உருவம் வந்துவிடும். கீழ்வரிசையில் `A1`, `A2` என்ற எண்களோடு இருக்கும் கட்டங்கள் காண்டாக்டர் காயில்கள். `K1` என்பது `Netzschütz`, அதாவது மெயின் காண்டாக்டர். `K2` என்பது `Sternschütz`, ஸ்டார் காண்டாக்டர். `K3` என்பது `Dreieckschütz`, டெல்டா காண்டாக்டர். `Schütz` என்பதற்குச் செயலி உனக்குக் காவலன் என்று பொருள் காட்டியிருக்கும். இந்தப் படத்தில் அது காண்டாக்டர், வேறொன்றுமில்லை. `K4` டைமர். அதன் அருகே உள்ள `anzugverzögert` என்ற நீண்ட சொல், மின்சாரம் வந்த பிறகு நேரம் எண்ணத் தொடங்கும் டைமர் என்பதைச் சொல்கிறது.

இனி முக்கியமான இடம். `Öffner` என்ற சொல்லுக்குத் 'திறப்பான்' என்று செயலி காட்டியதால், அது திறந்தே இருக்கும் தொடுப்பு என்று முடிவுசெய்து, வெளியே பொருத்தவிருக்கும் எமர்ஜென்சி ஸ்டாப்புக்கு என்.ஓ. பிளாக் வாங்கிவைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். பொருள் நேர் எதிரானது. ஜெர்மானியர்கள் ஒரு தொடுப்புக்கு, அதை அழுத்தினால் அது என்ன செய்யும் என்பதை வைத்துப் பெயர் சூட்டுகிறார்கள். நாமோ, அழுத்தாதபோது அது எப்படி இருக்கும் என்பதை வைத்துச் சொல்கிறோம். `Öffner` அழுத்தினால் திறக்கும், எனவே சும்மா இருக்கும்போது மூடியிருக்கும். அதுதான் நம் என்.சி. அதேபோல `Schließer` என்பது அழுத்தினால் மூடுவது, நம் என்.ஓ. ஐயம் வந்தால் எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார். 21-22 என்று 1, 2 ஆகிய இலக்கங்களில் முடிந்தால் என்.சி.; 13-14 என்று 3, 4 ஆகியவற்றில் முடிந்தால் என்.ஓ. ஓவர்லோடு ரிலேயின் 95-96 என்.சி., 97-98 என்.ஓ. என்பது உனக்குத் தெரிந்ததே. படம் முழுவதும் மின்சாரம் இல்லாத, எதையும் அழுத்தாத நிலையில்தான் வரையப்பட்டிருக்கிறது என்பதையும் நினைவில் வை.

என்.ஓ. பிளாக்கைப் பொருத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சிறிது எண்ணிப் பார். விசிறி ஓடவே ஓடாது. நீ வயரிங்கைத் தேடிக்கொண்டிருப்பாய். யாராவது அந்தச் சிவப்புக் காளான் பொத்தானை அழுத்திப் பூட்டிய பிறகுதான் அது ஓடத் தயாராகும். அதைவிட மோசமான எமர்ஜென்சி ஸ்டாப்பை நான் கற்பனை செய்ய முடியாது.

அதைப் பொருத்த வேண்டிய இடம் `X1` டெர்மினல் வரிசையில் 7-க்கும் 8-க்கும் நடுவே. அங்கே யாரோ பேனாவால் `Brücke 7–8 entfernen bei externem NOT-AUS` என்று எழுதியிருக்கிறார்கள். `Brücke` பாலம்தான், ஆனால் இங்கே அது இரு டெர்மினல்களை இணைக்கும் லிங்க். வெளியே எமர்ஜென்சி ஸ்டாப் வைப்பதானால் 7-8 லிங்க்கைக் கழற்று என்பது அதன் பொருள். 7 என்ற எண்ணின் நடுவே ஒரு கோடு போகிறதே, அதை அடித்துவிட்டார்களா என்று கேட்டாய். இல்லை, அங்கே 7-ஐ அப்படித்தான் எழுதுவார்கள். 1-ஐ நீண்ட முன்கோட்டோடு எழுதுவதால் அது 7 என்று தோன்றிவிடும், அதனாலேயே உண்மையான 7-க்கு அந்தக் குறுக்குக்கோடு. கையெழுத்தை மட்டும் நம்பாதே. அச்சிட்ட படத்திலும் 7-8 நடுவே லிங்க் வரையப்பட்டிருக்கிறது, இரண்டும் ஒத்துப்போகின்றன. லிங்க்கைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் என்.சி. தொடுப்பைத் தொடராக இணை.

வேலை செய்யும் முறை இதுதான். `EIN` பொத்தானை அழுத்தினால் டைமரும், அதன் 15-16 தொடுப்பு வழியாக `K2`-வும் உயிர்பெறும். `K2` மூடியதும் `K1` இழுத்துக்கொண்டு தன் 13-14 வழியாகத் தன்னைத் தாங்கிக்கொள்ளும். குறித்த நேரம் முடிந்ததும் 15-16 திறந்து 15-18 மூட, ஸ்டார் விழுந்து டெல்டா ஏறும். `K2`-வின் காயில் பாதையில் `K3`-இன் 21-22 இருப்பதையும், `K3`-இன் பாதையில் `K2`-வின் 21-22 இருப்பதையும் விரலால் தொட்டுக் கண்டுபிடி. இரண்டு காண்டாக்டர்களும் ஒரே நேரத்தில் மூடினால் மூன்று ஃபேஸ்களும் நேராகக் குறுக்குச் சுற்றாகிவிடும். `AUS` என்பது நிறுத்தும் பொத்தான், அதுவும் `Öffner`.

ஓவர்லோடு ரிலேயின் அளவில் நீ தடுமாறியிருக்கிறாய். படத்தில் `8,7 A` என்று இருப்பதை எண்பத்தேழு என்று படித்துவிட்டு, மோட்டார் தகட்டில் 15 ஆம்பியர்தானே இருக்கிறது என்று கேட்டாய். ஜெர்மன் எழுத்தில் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி வரும், அது 8.7 ஆம்பியர். அப்படியானாலும் 15 அல்லவா வைக்க வேண்டும் என்று தோன்றும். இந்தப் படத்தில் ரிலே `K1`-க்குக் கீழே, மோட்டாரின் வைண்டிங்குக்குப் போகும் வழியில் இருக்கிறது; டெல்டாவில் ஓடும்போது அங்கே பாய்வது முழு லைன் மின்னோட்டமல்ல, அதை √3-ஆல் வகுத்த பங்குதான். 15-ஐ 0.58-ஆல் பெருக்கினால் 8.7. நீ 15-இல் வைத்திருந்தால் மோட்டார் எரியும்வரை ரிலே சும்மா வேடிக்கை பார்த்திருக்கும்.

வயர் நிறக் குறிகளில் ஒரு பொறி உண்டு. `gr` என்றால் பச்சை அல்ல, சாம்பல். பச்சை `gn`, மஞ்சள் `ge`. எர்த் வயர் `gnge`, பச்சை-மஞ்சள். `sw` கறுப்பு, `br` பழுப்பு, `bl` நீலம், `rt` சிவப்பு. கறுப்பு, பழுப்பு, சாம்பல் மூன்றும் இங்கே ஃபேஸ்கள். சிவப்பு-மஞ்சள்-நீலம் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல் என்று பழகிய கை கறுப்பைப் பார்த்ததும் நியூட்ரலுக்குத்தான் போகும். இந்த பேனலுக்கு நியூட்ரலே தேவையில்லை, ஏனெனில் `Steuertrafo` எனப்படும் கட்டுப்பாட்டு டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு ஃபேஸ்களிலிருந்து 400 வோல்ட்டை எடுத்து 24 வோல்ட்டாக மாற்றுகிறது. உள்ளே கொத்தாகத் தெரியும் சிவப்பு வயர்கள் அந்த 24 வோல்ட் ஏசி கட்டுப்பாட்டு வயர்கள். ஃபேஸ் என்று எண்ணி எதையும் அதில் சேர்த்துவிடாதே.

ஆரஞ்சு நிற வயர் இரண்டைப் பற்றி நீ கேட்கவே இல்லை; நான் கவலைப்படுவது அவற்றைப் பற்றித்தான். 20, 21 டெர்மினல்களுக்கு மேலே `Achtung Fremdspannung` என்று அச்சிட்டிருக்கிறது. செயலி அதை 'வெளிநாட்டு அழுத்தம்' என்று காட்டியதாகச் சிரித்தபடி எழுதியிருந்தாய். அதன் பொருள் வேறு: வேறோர் இடத்திலிருந்து வரும் மின்சாரம் இங்கே உண்டு, எச்சரிக்கை என்பதே அது. பேனலின் மெயின் சுவிட்சை அணைத்தாலும் அந்த இரண்டு ஆரஞ்சு வயர்களில் மின்சாரம் இருக்கலாம். படத்தின்படி அவை பேனல் ஹீட்டருக்குப் போகின்றன. ஆகவே மெயின் சுவிட்சைப் பூட்டிய பிறகும், ஹீட்டருக்கு வரும் தனி எம்.சி.பி.யைக் கண்டுபிடித்து அணைத்துப் பூட்டு. பிறகு மல்ட்டிமீட்டரை வேலை செய்யும் ஒரு மூலத்தில் சோதித்துவிட்டு, 20-21 நடுவிலும், ஒவ்வொன்றுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் அள. மறுபடியும் அதே மூலத்தில் மீட்டரைச் சோதி.

மூன்றாவது புகைப்படத்தில் ஃபிளாஷ் வெளிச்சம் விழுந்து 11, 12 டெர்மினல்கள் வெள்ளையாகிவிட்டன. அருகே `Kaltleiter` என்ற சொல் பாதி தெரிகிறது. மோட்டாரின் வைண்டிங்குக்குள் வைத்திருக்கும் வெப்ப உணரி வயர்கள் அங்கே வருகின்றன என்று ஊகிக்கிறேன். அப்படியானால் மெக்கரை அவற்றில் வைக்கவே கூடாது, உணரி போய்விடும். அந்தப் பக்கத்தை ஃபிளாஷ் இல்லாமல், காகிதத்துக்கு நேர் எதிரே நின்று, வலக்கீழ் மூலையில் உள்ள தலைப்புக் கட்டமும் விழும்படி மீண்டும் எடு. அந்தக் கட்டத்தில் `Blatt 3 von 5` என்று ஏதாவது இருந்தால் அது ஐந்து தாள்களில் மூன்றாவது என்று பொருள். அதுபோன்று இன்னும் தாள்கள் பேனல் கதவின் உட்புறப் பையில் இருக்கின்றனவா என்று பார். 13-14 தொடுப்பின் அருகே `/2.4` என்று வருகிறதே, அது இரண்டாம் தாளின் நான்காம் பத்தியைப் பார் என்ற குறிப்பு.

திசையைச் சோதிக்கும்போது ஒன்று மட்டும் கவனி. `Rechtsdrehfeld` என்பது வரும் ஃபேஸ்களின் வரிசை வலஞ்சுழியாக இருக்க வேண்டும் என்பது. ஃபேஸ் வரிசை மீட்டரில் பார்த்துவிடு. மையவிலக்கு விசிறி எதிர்த்திசையில் சுற்றினாலும் காற்று அதே பக்கம்தான், ஆனால் வலுவின்றி வரும், அதனால் ஓடுகிறதே என்று விட்டுவிட வாய்ப்புண்டு. தவறாக இருந்தால் `X1`-இல் உள்வரும் இரண்டு ஃபேஸ்களை மாற்று; மோட்டாரின் ஆறு வயர்களில் கைவைக்காதே.

காலை நான் வரும்வரை மெயினை ஏற்றாதே. என்.ஓ. பிளாக்கைக் கடையில் கொடுத்து என்.சி.யாக மாற்றிக்கொண்டு வா. புதிய புகைப்படத்தை இன்றிரவே அனுப்பு, 11, 12 என்னவென்று உறுதி செய்துவிட்டுத் திரும்ப எழுதுகிறேன்.

அண்ணன்