வாடகைக்கு விட்ட வீட்டுக்கான காப்பீட்டு பாலிசி: மஞ்சக்குப்பம், கடலூர்

இதில் ‘நீங்கள்’ என்றால் வீட்டுக்காரர், ‘நாங்கள்’ என்றால் காப்பீடு தருபவர். குடியிருப்பவரின் டிவி, பீரோ, பைக் எதுவும் இந்த பாலிசியில் வராது. அதற்கு அவர்தான் தனியாக எடுக்க வேண்டும், குடிவரும்போதே சொல்லிவிடுங்கள், வெள்ளம் வடிந்த பிறகு சொன்னால் சண்டைதான் வரும்.

எந்த வீடு, எவ்வளவு

கீழ் வீடும் மாடி வீடுமாக மொத்தம் 2,000 சதுர அடி கான்கிரீட் கட்டடம். கட்டடத்துக்கு 36 லட்சம் ரூபாய். இது திரும்பக் கட்ட ஆகும் செலவு மட்டும், மனை விலை இதில் சேராது. காம்பவுண்டு சுவர், சம்ப், மேல் டேங்க், போர் மோட்டார், நீங்கள் மாட்டிக் கொடுத்த ஃபேன், கீசர், சமையலறை அலமாரி எல்லாம் கட்டடத்தோடு சேர்ந்தவை. கீழ் வாடகை மாதம் 9,500, மாடி 12,000. பாலிசி 2025 அக்டோபர் 1 முதல் 2026 செப்டம்பர் 30 நள்ளிரவு வரை. வரியோடு பிரீமியம் 6,840 ரூபாய், கட்டியாகிவிட்டது.

எதற்குக் கொடுப்போம்

தீ, இடி, சிலிண்டர் வெடிப்பு, புயல், வெள்ளம், சுனாமி, நிலநடுக்கம், கலவரம், டேங்க் அல்லது குழாய் திடீரென்று உடைந்து நீர் பாய்வது, வண்டியோ மரமோ வந்து மோதுவது. 2011 டிசம்பரில் தானேயையும் 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளத்தையும் பார்த்த ஊர் என்பதால் புயலுக்கும் வெள்ளத்துக்கும் தனி உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை. ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் 5,000 ரூபாய் உங்கள் பங்கு.

கொடுக்காதது: தேய்மானம், கரையான், வருடக்கணக்கில் கசிந்த ஓதம், சரியாகக் கட்டாததால் வந்த விரிசல். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து சன்ஷேடும் தளமும் பெயர்ந்து விழுவது இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு நடப்பதுதான், ஆனால் அது மெதுவாக நடப்பது, விபத்து இல்லை, அதனால் அதுவும் கிடையாது. அதே சன்ஷேடைப் புயல் பெயர்த்தால் கொடுப்போம், ஏற்கெனவே துரு தின்ற அளவைக் கழித்துக்கொண்டு.

வாடகை இழப்பு

மேலே சொன்ன சேதத்தால் வீட்டில் ஆள் இருக்க முடியாமல் போய், அதனால் உங்களுக்கு வாடகை நின்றால் அந்த வாடகையைக் கொடுப்போம். அதிகபட்சம் 12 மாதம், அதாவது இரண்டு வீடும் சேர்த்து 2,58,000 ரூபாய். சேதமான நாளிலிருந்து முதல் 7 நாள் கணக்கில் வராது. வாடகை கணக்குக்கு 5,000 பிடித்தம் கிடையாது, அந்த 7 நாள்தான் உங்கள் பங்கு. கீழ் வீடு மட்டும் மூழ்கி மாடியில் ஆள் இருந்தால் கீழ் வாடகை மட்டும்தான். கீழ் வீட்டுக்காரர் காலி செய்யாமல் பாதி வாடகை கொடுத்துக்கொண்டு இருந்தால் மீதிப் பாதியை நாங்கள் கொடுப்போம்.

எதுவரை கொடுப்போம் என்பதில்தான் தகராறு வரும், அதனால் கொஞ்சம் விளக்கமாக. வேலை முடிந்து வீடு குடியிருக்கத் தயாராகும் நாள் வரை, அப்புறம் ஆள் தேட அதிகபட்சம் 30 நாள். கொத்தனார் பொங்கலுக்கு ஊருக்குப் போனதால் ஆன தாமதத்தை ஒத்துக்கொள்வோம். நீங்களே மூன்று மாதம் வேலையைத் தொடங்காமல் இருந்தால் ஒத்துக்கொள்ள மாட்டோம். ஒரு கணக்கு: நவம்பர் 28 அன்று கீழ் வீட்டில் தண்ணீர் ஏறுகிறது, டிசம்பர் 4 வரை உங்கள் கணக்கு, ஜனவரி 20 அன்று வேலை முடிகிறது, பிப்ரவரி 5 அன்று புது ஆள் வருகிறார். டிசம்பர் 5 முதல் பிப்ரவரி 4 வரை 62 நாள், மாதத்தை 30 நாளாக வைத்தால் 19,633 ரூபாய்.

வாடகை தராமல் இழுத்தடிப்பவர், சொல்லாமல் ஓடிப்போனவர், வழக்கு போட்டு உட்கார்ந்திருப்பவர் ஆகியோரால் வரும் நஷ்டம் இதில் சேராது. வீடு நன்றாக இருந்தும் ஆள் கிடைக்காமல் காலியாகக் கிடந்தாலும் இல்லை. வாடகை எவ்வளவு என்பதற்கு எழுத்து ஒப்பந்தமும் வங்கிக் கணக்கில் வந்த தொகையும்தான் சாட்சி. ஒப்பந்தத்தில் 6,000 என்று எழுதி கையில் 9,500 வாங்குபவர்களுக்கு 6,000தான்.

குடியிருப்பவர் செய்த சேதம்

மூன்று வகையாகப் பார்க்கிறோம்.

தெரியாமல் நடந்தது: குக்கர் வெடித்து கடப்பாக்கல் மேடை உடைந்தது, பீரோவை ஏற்றும்போது படிக்கட்டு கிரானைட் போனது, குழந்தை கல் போட்டு கமோட் விரிசல் விட்டது. ஒரு சம்பவத்துக்கு 1 லட்சம் வரை.

வேண்டுமென்றே செய்தது: காலி செய்யச் சொன்ன கோபத்தில் கதவைப் பெயர்ப்பது, வயரிங்கைப் பிடுங்குவது, கழிவுக் குழாயில் சிமெண்ட் கரைத்து ஊற்றுவது. வருடத்துக்கு 1,50,000 வரை. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, குறைந்தது சிஎஸ்ஆர் ரசீதாவது வாங்கியிருக்க வேண்டும்.

எடுத்துக்கொண்டு போனது: மோட்டார், ஃபேன், கீசர், பித்தளைக் குழாய். 40,000 வரை, எஃப்ஐஆர் கட்டாயம்.

ஆணி அடித்த ஓட்டை, சுவரில் கிரேயான் கிறுக்கல், சமையலறையில் எண்ணெய்ப் பிசுக்கு, மங்கிய பெயிண்ட், சுத்தம் செய்யாமல் விட்ட கழிவறை, நாய் பிராண்டிய கதவு இதற்கெல்லாம் எதுவும் கிடையாது. குடியிருக்கத்தான் வீடு விட்டீர்கள், குடியிருந்த அடையாளம் இருக்கத்தான் செய்யும். குடும்பத்துக்கு என்று விட்ட வீட்டில் உங்களுக்குத் தெரிந்தே பட்டாசோ கெமிக்கலோ அடுக்கி வைத்திருந்தால், அதனால் வந்த எந்தச் சேதத்துக்கும் பணம் இல்லை. உங்களுக்குத் தெரியாது என்றால் கொடுப்போம், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது வீட்டைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

முதலில் அட்வான்ஸ், அப்புறம்தான் பாலிசி. அட்வான்ஸ் 60,000 இருக்கிறது, வாடகை பாக்கி 12,000, கரண்ட் பில் பாக்கி 2,300 என்று வைத்துக்கொள்வோம். பாக்கிகளை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், கையில் மிச்சம் 45,700. சேதம் பழமை கழித்து 71,000 என்றால் 45,700 போக 25,300, அதில் உங்கள் பங்கு 5,000 போக நாங்கள் தருவது 20,300. அட்வான்ஸை அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாலும் அந்தத் தொகையைக் கழித்துத்தான் கணக்கிடுவோம். பழமை என்பது பெயிண்டுக்கு வருடம் 20 சதவீதம், மோட்டார், கீசருக்கு 10, டைல்ஸுக்கும் கதவுக்கும் 3.

ஒவ்வொருவர் குடிவரும்போதும் அறை அறையாக போட்டோ எடுத்து இருவரும் கையெழுத்திட்ட பொருள் பட்டியல் வைத்திருங்கள். அது இல்லாவிட்டால் ‘முன்னாடியே உடைஞ்சிருந்துச்சு’ என்று அவர் சொல்வதை எங்களால் மறுக்க முடியாது.

காலி வீடு

தொடர்ந்து 45 நாளுக்கு மேல் ஆள் இல்லாவிட்டால் எழுத்தில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் 46வது நாளிலிருந்து திருட்டுக்கும் குழாய் உடைப்புக்கும் பாலிசி செல்லாது. தீ, புயல், வெள்ளம் மட்டும் தொடரும்.

கிளெய்ம்

பார்த்தவுடன் சொல்லுங்கள், 7 நாளுக்குள். வெள்ளமாக இருந்தால் சேற்றைக் கழுவும் முன் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைப் படம் எடுங்கள், அடி டேப்பைப் பக்கத்தில் பிடித்து. அப்புறம் தாராளமாகக் கழுவலாம், சர்வேயர் வரும்வரை நாற்றத்தில் இருக்கத் தேவையில்லை, உடைந்ததை மட்டும் தூக்கி எறியாதீர்கள். சர்வேயரை 24 மணி நேரத்தில் நியமிப்போம், அவர் அறிக்கை 15 நாளில், எங்கள் முடிவு அதிலிருந்து 7 நாளில். கேட்பவை: வாடகை ஒப்பந்தம், வீட்டு வரி ரசீது, பில்கள், கடைசி ஆறு மாத வாடகை வந்த பாஸ்புக் பக்கம்.

முடிவு பிடிக்கவில்லை என்றால் முதலில் எங்களுக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லை என்றாலும், ஒரு வருடத்துக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

ரத்து

எப்போது வேண்டுமானாலும் நீங்கள் ரத்து செய்யலாம், கிளெய்ம் வாங்காதிருந்தால் மீதி நாட்களுக்கான பிரீமியம் திரும்பி வரும். வீட்டை விற்றால் பத்திரம் பதிவான நாளோடு பாலிசி முடியும். வாங்கியவர் பெயருக்கு மாற்ற வேண்டுமென்றால் பதிவுக்கு முன்பே கேளுங்கள்.