10.20.8.0/22 கணக்கு: உன் விடையில எங்க தப்பாச்சு

தம்பி, நீ அனுப்புன நோட்டு போட்டோவ பெருசாக்கி ரெண்டு தடவ பார்த்தேன். கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாத்தான் போட்டிருக்க, பிரிக்கிற முறையும் உனக்கு தெரிஞ்சிருக்கு, ஆனா ஒரே ஒரு இடத்துல வழுக்கி அங்கிருந்து கீழ இருக்கிறது பூரா சாஞ்சிடுச்சு. 13 மார்க் கேள்வி, விட்டுடக்கூடாது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பேப்பர் பேனா வச்சிக்கிட்டு படி.

கேள்வி இதுதான்: ஒரு காலேஜுக்கு 10.20.8.0/22 குடுத்திருக்காங்க. ஹாஸ்டலுக்கு 200 ஹோஸ்ட், லேபுக்கு 400, ஆபீஸுக்கு 100, லைப்ரரிக்கு 50, அப்புறம் ரவுட்டருக்கு ரவுட்டர் போற லிங்க் ரெண்டு. விஎல்எஸ்எம் முறையில, அதாவது ஒவ்வொரு சப்நெட்டுக்கும் தேவைக்கு ஏத்த மாதிரி வேற வேற சைஸ் குடுத்து பிரிக்கணும்.

முதல்ல கையில என்ன இருக்குன்னு பாரு. /22ன்னா 32ல 22 போக மிச்சம் 10 பிட், அதாவது 1024 அட்ரஸ். 10.20.8.0ல ஆரம்பிச்சு 10.20.11.255ல முடியுது. மூணாவது எண் 8, 9, 10, 11ன்னு நாலு, ஒவ்வொண்ணுலயும் 256. இந்த நாலு கட்டத்த பேப்பர்ல வரைஞ்சு வச்சிக்கிட்டாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

நீ என்ன பண்ணிட்டன்னா கேள்வியில குடுத்த வரிசையிலயே போயிட்ட. ஹாஸ்டல் 200க்கு 256 வேணும், 10.20.8.0/24, சரி. அடுத்து லேப் 400க்கு 512 வேணும், /23, அதுவும் சரி. ஆனா அத 8க்கு அடுத்தது 9தானேன்னு 10.20.9.0/23ன்னு எழுதிட்ட பாரு, அங்கதான் போச்சு. அப்படி ஒரு நெட்வொர்க்கே கிடையாது.

ஏன்னு பாரு. /23ல மூணாவது எண்ணோட கடைசி பிட் ஹோஸ்ட் பக்கம் போயிடுது. நெட்வொர்க் அட்ரஸுன்னா ஹோஸ்ட் பிட் எல்லாமே 0வா இருக்கணும். 8ங்கிறது 00001000, கடைசி பிட் 0. 9ங்கிறது 00001001, கடைசி பிட் 1. அப்ப 10.20.9.0ங்கிறது 10.20.8.0/23க்கு உள்ள இருக்கிற ஒரு சாதாரண ஹோஸ்ட் அட்ரஸ், அவ்வளவுதான். பைனரி போட நேரமில்லன்னா இப்படி ஞாபகம் வச்சிக்க: எந்த பிளாக்கும் அதோட சைஸால மீதியில்லாம வகுபடற இடத்துலதான் ஆரம்பிக்கும். 64 பிளாக்குன்னா 0, 64, 128, 192. 512 பிளாக்குன்னா மூணாவது எண் இரட்டைப்படையா இருக்கணும்.

இது வெறும் பரீட்சைக்கான ரூல் இல்லடா, நிஜமாவே வயர் இழுத்து வச்சா என்ன ஆகும்னு யோசி. நீ நினைச்ச லேப் 9.0ல இருந்து 10.255 வரைக்கும். அதுல 10.20.9.5ங்கிற மிஷின் மாஸ்க் 255.255.254.0வ வச்சி கணக்கு பண்ணா தன் நெட்வொர்க் 10.20.8.0ன்னு நினைக்கும், அதனால ஹாஸ்டல் மிஷின் எல்லாம் பக்கத்துலயே இருக்குன்னு நம்பி கேட்வேக்கு அனுப்பாம நேரா ஏஆர்பி போட்டு தேடிக்கிட்டே இருக்கும், பதில் வராது. அதே லேப்ல 10.20.10.5 மிஷின் தன் நெட்வொர்க் 10.20.10.0ன்னு நினைக்கும். ஒரே ரூம், ஒரே ஸ்விட்ச், ஆனா பாதி லேப் மீதி லேப வேற நெட்வொர்க்குன்னு நினைக்கும். ஹாஸ்டல Gi0/0ல போட்டுட்டு லேப பேக்கெட் டிரேசர்ல இப்படி குடுத்துப் பாரு, ரவுட்டரே ஒத்துக்காது:

```
R1(config-if)# ip address 10.20.9.1 255.255.254.0
% 10.20.8.0 overlaps with GigabitEthernet0/0
```

நீ 9ன்னு அடிச்ச, அது 8ன்னு திருப்பி சொல்லுது பாரு. மாஸ்க்க போட்டுப் பார்த்துட்டு சொல்ற பதில் அது.

சரி இப்ப முறையா பண்ணலாம். பெருசுல இருந்து சிறுசுக்கு போ. அப்படி போனா ஒவ்வொரு பிளாக்கும் முடியற இடம் அடுத்த பிளாக்குக்கு தானாவே சரியான ஆரம்பமா அமைஞ்சிடும், நடுவுல ஓட்டை விழாது. வேற வரிசையிலயும் பண்ணலாம், தப்பில்ல, உன் வரிசையிலயே ஹாஸ்டல 8லயே விட்டுட்டு லேப 10.0/23ல போட்டு ஆபீஸையும் மத்ததையும் 9க்குள்ள அடக்கியிருந்தா அதுவும் செல்லுபடியான விடைதான். ஆனா பரீட்சை ஹால்ல ஒவ்வொரு தடவையும் வகுபடுதான்னு பார்த்துக்கிட்டு உக்கார முடியாது, அதனால பெருசு முதல்ல.

லேப் 400, 512 பிளாக், 10.20.8.0/23, முடியறது 9.255. ஹாஸ்டல் 200, 256 பிளாக், 10.20.10.0/24. ஆபீஸ் 100, 128 பிளாக், 10.20.11.0/25, முடியறது 11.127. லைப்ரரி 50க்கு 64 பிளாக், 11.128/26, முடியறது 11.191. லிங்க் ரெண்டுக்கும் நாலு நாலு, 11.192/30, 11.196/30. பேப்பர்ல இப்படி டேபிளா எழுது:

```
லேப்      10.20.8.0/23     10.20.8.1 - 10.20.9.254      10.20.9.255
ஹாஸ்டல்   10.20.10.0/24    10.20.10.1 - 10.20.10.254    10.20.10.255
ஆபீஸ்     10.20.11.0/25    10.20.11.1 - 10.20.11.126    10.20.11.127
லைப்ரரி    10.20.11.128/26  10.20.11.129 - 10.20.11.190  10.20.11.191
லிங்க் 1    10.20.11.192/30  10.20.11.193 - 10.20.11.194  10.20.11.195
லிங்க் 2    10.20.11.196/30  10.20.11.197 - 10.20.11.198  10.20.11.199
```

கடைசி நெடுவரிசை பிராட்காஸ்ட். மாஸ்க்குக்கு தனியா ஒரு நெடுவரிசை போட்டுடு: வரிசையா 255.255.254.0, 255.255.255.0, 255.255.255.128, 255.255.255.192, லிங்க் ரெண்டுக்கும் 255.255.255.252. லேப் வரியில ஒரு விஷயம் கவனி, 10.20.8.255ஐயும் 10.20.9.0வையும் அங்க தாராளமா மிஷினுக்கு குடுக்கலாம், 255ல முடிஞ்சாலே பிராட்காஸ்டுன்னு நிறைய பேர் அடிச்சு விட்டுடறாங்க, இந்த நெட்வொர்க்குல பிராட்காஸ்ட் 9.255 ஒண்ணுதான்.

உன் நோட்டு ஓரத்துல "சப்நெட் எண்ணிக்கை 2^n - 2"ன்னு எழுதி வச்சிருக்கியே, அத அடிச்சிடு. அது 1985ல வந்த ஆர்எஃப்சி 950 காலத்து வழக்கம், முதல் சப்நெட்டையும் கடைசி சப்நெட்டையும் அப்ப ஒதுக்கி வச்சாங்க. 1995ல வந்த ஆர்எஃப்சி 1878லயே அந்த வழக்கம் காலாவதின்னு சொல்லியாச்சு. ரெண்டு கழிக்கிறது இப்ப ஹோஸ்ட் எண்ணிக்கைக்கு மட்டும்தான். லிங்க்குக்கு /31 போடலாமேன்னு நீ கேட்டதும் நியாயமான கேள்விதான், ஆர்எஃப்சி 3021 அத அனுமதிக்குது, ஆனா கேள்வியில வெளிப்படையா சொல்லாத வரைக்கும் /30யே எழுது, திருத்தறவங்க அதத்தான் எதிர்பார்ப்பாங்க.

இன்னொரு எச்சரிக்கை. "62 கம்ப்யூட்டர்"னு கேள்வி வந்தா உடனே /26 போட்டுடாத. கேட்வேக்கும் ஒரு அட்ரஸ் வேணும், அப்ப 63, /26ல 62தான் இருக்கு, /25க்கு போகணும். "62 ஹோஸ்ட் அட்ரஸ்"னு கேட்டா /26 போதும். ஒரு வார்த்தையில விடை மாறுது, நிதானமா படி.

வீட்டுல சரிபார்க்க பைத்தான் போதும்:

```
>>> import ipaddress
>>> ipaddress.ip_network("10.20.9.0/23")
ValueError: 10.20.9.0/23 has host bits set
```

அப்புறம் (ஆ) பிரிவு, 25 கேமராவுக்கு மிச்சத்துல இடம் குடுங்கன்னு கேட்டிருக்காங்க. இதுவரைக்கும் 968 செலவு, மிச்சம் 56, 11.200ல இருந்து 11.255 வரைக்கும். கேமராவுக்கு கேட்வேயோட 26, 32 பிளாக் வேணும், /27. இங்கயும் நீ 200லயே ஆரம்பிச்சிருக்க. 200 வகுத்தல் 32, மீதி 8 வருது, ஆகாது. 32ல வகுபடற அடுத்த இடம் 224, அதனால 10.20.11.224/27. நடுவுல இருக்கிற 200/29ம் 208/28ம் காலியாவே இருக்கட்டும், அதையும் விடையில ஒரு வரி எழுதிடு.